பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு: ஒரு நிலைமாற்றத்தின் மின்செலவு

சென்னை ரிச்சி தெருவில் 74HC04 என்று கேட்டால் விரல் நுனி அகலத்தில் 14 கால்களுள்ள ஒரு கறுப்புச் சில்லை எடுத்துக் கொடுப்பார்கள். அதற்குள் ஆறு இன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. மின்வெட்டு நேரத்தில் வீட்டு விளக்கை எரிய வைக்கும் இன்வெர்ட்டர் அல்ல இது. உள்ளே 1 வந்தால் வெளியே 0 தரும், 0 வந்தால் 1 தரும், அவ்வளவுதான் இதன் வேலை. கைப்பேசியின் செயலி முதல் சுவர்க்கடிகாரம் வரை இன்றைய டிஜிட்டல் சில்லுகள் அனைத்திலும் இருக்கும் மிக எளிய உறுப்பு இது.

இந்தச் சில்லுக்கு 5 வோல்ட் கொடுத்து, உள்ளீட்டுக் கால்கள் அனைத்தையும் தரையோடு இணைத்துவிட்டு, மின்வழங்கிக்கும் சில்லுக்கும் நடுவே ஒரு மைக்ரோஆம்பியர் மீட்டரைப் போட்டால் முள் அசையாது. அறை வெப்பநிலையில் ஆறு இன்வெர்ட்டர்களும் சேர்ந்து அதிகபட்சம் 2 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும் என்று தயாரிப்பாளரின் தகவல் தாள் உறுதி தருகிறது. இனி ஒரே ஒரு உள்ளீட்டைத் தரையிலிருந்து எடுத்து, நொடிக்கு பத்து லட்சம் முறை 0வுக்கும் 1க்கும் மாறும் சதுர அலையோடு, அதாவது 1 மெகாஹெர்ட்ஸ் அலையோடு இணைக்கலாம். அந்த இன்வெர்ட்டரின் வெளியீட்டில் 50 பிகோஃபாரட் மின்தேக்கி ஒன்று மட்டும் இருக்கிறது. மீட்டர் இப்போது 350 மைக்ரோஆம்பியரை ஒட்டிக் காட்டும்.

வெளியீட்டில் விளக்கு எரியவில்லை, மோட்டார் சுற்றவில்லை. அங்கிருப்பது ஒரு மின்தேக்கி மட்டுமே. மின்தேக்கியோ மின்னூட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கும் பொருள்; தானாக எதையும் எரிப்பதில்லை. அப்படியென்றால் 350 மைக்ரோஆம்பியரும் எங்கே போகிறது?

இதற்கான விடை இன்வெர்ட்டரின் அமைப்பிலேயே இருக்கிறது. 1963இல் அமெரிக்காவின் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் ஃபிராங்க் வான்லாஸ், சி.டி. சா என்ற இருவர் இந்தச் சுற்றை அறிவித்தார்கள். மின்வழங்கிக்கும் வெளியீட்டுக்கும் நடுவே பிமாஸ் வகை டிரான்சிஸ்டர் ஒன்று, வெளியீட்டுக்கும் தரைக்கும் நடுவே என்மாஸ் வகை டிரான்சிஸ்டர் ஒன்று. இரண்டின் வாயில்களும் ஒன்றாக இணைக்கப்பட்டு உள்ளீடாகின்றன. உள்ளீடு உயர்ந்தால் கீழே உள்ள என்மாஸ் திறந்து வெளியீட்டைத் தரைக்கு இழுக்கும், மேலே உள்ள பிமாஸ் மூடிக்கொள்ளும். உள்ளீடு தாழ்ந்தால் பிமாஸ் திறந்து வெளியீட்டை 5 வோல்ட்டுக்கு ஏற்றும், என்மாஸ் மூடிக்கொள்ளும். எந்த நிலையில் நின்றாலும் இரண்டில் ஒன்று மூடியே இருக்கும். மின்வழங்கியிலிருந்து தரைவரை நேர்வழி கிடையாது என்பதால் சும்மா நிற்கும்போது செலவும் கிடையாது. ஒன்றுக்கொன்று ஈடாகும் இரட்டை டிரான்சிஸ்டர்களால் ஆன இந்த அமைப்புக்குத்தான் சிமாஸ் என்று பெயர். அதுவரை மில்லிவாட் கணக்கில் இருந்த காத்திருப்புச் செலவை அவர்கள் நானோவாட் கணக்குக்குக் கொண்டுவந்தார்கள்.

நிற்பதற்குச் செலவில்லை என்றால், மீட்டர் காட்டியது முழுக்க முழுக்க மாறுவதற்கான செலவு.

மாறுவதற்கு ஏன் செலவாகிறது என்று பார்க்குமுன் அந்த 50 பிகோஃபாரட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சோதனை மேசையில் அது நாம் வேண்டுமென்றே இணைத்த உதிரிபாகம். சில்லுக்கு உள்ளேயோ யாரும் அப்படி இணைப்பதில்லை, அது தானாகவே வந்து சேர்கிறது. ஓர் இன்வெர்ட்டரின் வெளியீடு அடுத்த இன்வெர்ட்டரின் வாயிலுக்குப் போகிறது. அந்த வாயில், மெல்லிய காப்புப் படலத்தின் மேல் அமர்ந்த மின்கடத்தி. அதாவது அமைப்பிலேயே அது ஒரு மின்தேக்கி. இரண்டையும் இணைக்கும் கம்பி, பக்கத்துக் கம்பிகளோடும் அடித்தளத்தோடும் சேர்ந்து இன்னொரு மின்தேக்கி ஆகிறது. டிரான்சிஸ்டரின் வெளியீட்டு முனை அடித்தளத்தைத் தொடும் இடத்திலும் கொஞ்சம் இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்ததுதான் இன்வெர்ட்டர் சுமக்கும் மின்தேக்கச் சுமை. அந்தச் சுமையை ஒவ்வொரு முறையும் நிரப்பினால்தான் வெளியீடு 1 ஆகும், காலி செய்தால்தான் 0 ஆகும்.

நிரப்புவதற்கு ஆகும் செலவைக் கணக்கிட ஒரு பெருக்கல் போதும். 74HC04இன் ஒவ்வோர் இன்வெர்ட்டருக்கும் உள்ளேயே சுமார் 20 பிகோஃபாரட் சுமை உண்டு என்று தகவல் தாள் சொல்கிறது. வெளியே 50, மொத்தம் 70 பிகோஃபாரட். அதை 5 வோல்ட்டுக்கு நிரப்ப 70 × 5, அதாவது 350 பிகோகூலும் மின்னூட்டம் வேண்டும். அந்த மின்னூட்டம் முழுவதையும் மின்வழங்கி 5 வோல்ட் மட்டத்திலிருந்து தருகிறது. ஆகவே அது செலவிடும் ஆற்றல் 350 × 5 = 1750 பிகோஜூல். ஆனால் மின்தேக்கியில் போய்ச் சேர்ந்திருப்பது அதில் சரிபாதியான 875 பிகோஜூல் மட்டுமே. மீதிப் பாதி பிமாஸ் டிரான்சிஸ்டரில் வெப்பமாகிவிட்டது.

ஏன் சரிபாதி? மாடித் தொட்டியிலிருந்து தரையில் நிற்கும் உயரமான பீப்பாய் ஒன்றுக்குத் தண்ணீர் விடுவதை நினைத்துப் பார்க்கலாம். தொட்டியின் நீர்மட்டம் மாறுவதில்லை. பீப்பாயின் விளிம்பு அந்த மட்டம்வரை இருக்கிறது. முதலில் வரும் தண்ணீர் முழு உயரத்திலிருந்தும் பீப்பாயின் அடியில் விழுகிறது. பாதி நிரம்பியபின் வருவது பாதி உயரம்தான் விழுகிறது. கடைசித் துளி விழுவதே இல்லை, தொட்டியின் மட்டத்திலேயே போய்ச் சேர்கிறது. சராசரி எடுத்தால் எல்லாத் தண்ணீரும் பாதி உயரம் விழுந்திருக்கும். அந்த விழுகையில் வீணானதுதான் பாதி ஆற்றல். குழாய் பெரிதாக இருந்தால் பீப்பாய் சீக்கிரம் நிரம்பும், சிறிதாக இருந்தால் மெதுவாக நிரம்பும். ஆனால் தண்ணீர் விழும் உயரம் இரண்டிலும் ஒன்றே.

மின்சுற்றிலும் அதுவே நடக்கிறது. பிமாஸின் மின்தடை குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும், மின்தேக்கி முழுமையாக நிரம்ப நேரம் இருக்கும்வரை இழப்பு அதே பாதிதான். முதன்முறை கேட்கும் மாணவர்கள் இதை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. மின்தடை குறைவான தரமான டிரான்சிஸ்டர் வைத்தால் இழப்பும் குறையத்தானே வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றும். மின்தடை குறைந்தால் மின்னோட்டம் கூடுகிறது, நேரம் குறைகிறது. இரண்டும் ஈடுகட்டிக்கொள்வதால் வெப்பம் மாறுவதில்லை. சொல்லப்போனால், மின்தடையைக் குறைக்க டிரான்சிஸ்டரை அகலமாக்கினால் அதன் வாயிலும் அகலமாகி, முந்தைய இன்வெர்ட்டருக்குச் சுமையைக் கூட்டிவிடும்.

மீதிப் பாதியும் தப்பவில்லை. அடுத்த முறை உள்ளீடு உயரும்போது என்மாஸ் திறக்கிறது, மின்தேக்கியில் இருந்த 875 பிகோஜூலும் அதன் வழியே தரைக்கு இறங்கி வெப்பமாகிறது. இந்த இறக்கத்துக்கு மின்வழங்கி எதுவும் கொடுப்பதில்லை, ஏற்கெனவே கொடுத்ததுதான் கரைகிறது. ஏறி இறங்கிய ஒரு முழுச் சுழற்சிக்கு மொத்தச் செலவு 1750 பிகோஜூல். இது நொடிக்கு பத்து லட்சம் முறை நடந்தால் 1.75 மில்லிவாட். இயங்குதிறன் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான்.

```
P = C × V² × f
```

இதில் C மின்தேக்கச் சுமை, V மின்வழங்கியின் மின்னழுத்தம், f நொடிக்கு எத்தனை சுழற்சிகள் என்பது. 1.75 மில்லிவாட்டை 5 வோல்ட்டால் வகுத்தால் 350 மைக்ரோஆம்பியர். மீட்டர் காட்டிய கணக்கு நேராகிவிட்டது.

இந்தச் சூத்திரத்தை வீட்டு மேசையிலேயே சோதித்துப் பார்க்க முடியும். மின்னோட்டம் விட்டுவிட்டுத் துடிப்பாகப் பாய்வதால், சில்லின் மின்வழங்கிக் காலுக்குப் பக்கத்திலேயே ஒரு 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை வைக்க வேண்டும். அது துடிப்புகளைச் சமன் செய்து மீட்டருக்குச் சராசரியைத் தரும். பிறகு 1 மெகாஹெர்ட்ஸிலும் 2 மெகாஹெர்ட்ஸிலும் அளவெடுத்தால் முதல் அளவு 350ஐ ஒட்டியும் இரண்டாவது 700ஐ ஒட்டியும் வரும். ஒரே அளவை நம்புவதைவிட இரண்டின் வித்தியாசத்தை எடுத்துக்கொள்வது நல்லது. கசிவு மின்னோட்டம் போன்ற, அதிர்வெண்ணோடு மாறாத செலவுகள் கழிந்துபோய், மாறுவதற்கான செலவு மட்டும் மிஞ்சும். அதை மின்னழுத்தத்தாலும் அதிர்வெண் வித்தியாசத்தாலும் வகுத்தால் சுமையின் பிகோஃபாரட் அளவே கிடைத்துவிடும்.

இந்தச் சோதனையில் வழக்கமாகக் காலை வாருபவை இரண்டு. முதலாவது, அலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வெளியீட்டில் வைக்கும் ஆசிலாஸ்கோப்பின் ஆய்வுமுனை. அதில் 1 மடங்கு, 10 மடங்கு என்று ஒரு பொத்தான் இருக்கும். 1 மடங்கில் வைத்தால் முனையும் அதன் கேபிளும் சேர்ந்து சுமார் 100 பிகோஃபாரட் சுமையைக் கொண்டுவந்து சேர்க்கும். 350 காட்டிய மீட்டர் ஒரேயடியாக 850ஐ நெருங்கும். முனையை எடுத்ததும் அளவு இறங்கினால் காரணம் அதுதான். 10 மடங்கில் வைத்தால் சுமை பத்து பதினைந்து பிகோஃபாரட்டாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது, பயன்படுத்தாத ஐந்து இன்வெர்ட்டர்களின் உள்ளீடுகளை எதோடும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டுவிடுவது. அந்த உள்ளீடு 0விலும் நிற்காமல் 1இலும் நிற்காமல் நடுவே மிதக்கும். நடு மின்னழுத்தத்தில் பிமாஸ், என்மாஸ் இரண்டுமே பாதி திறந்திருக்கும். இல்லாதிருந்த நேர்வழி அப்போது உருவாகிவிடுகிறது. சில்லு எந்த வேலையும் செய்யாத நிலையிலேயே மீட்டர் மைக்ரோஆம்பியரை விட்டு மில்லிஆம்பியருக்குத் தாவினால், அருகே கையைக் கொண்டுபோகும்போது அளவு ஏறி இறங்கினால், மிதக்கும் உள்ளீடு ஒன்று இருக்கிறது என்று அறியலாம். உள்ளீட்டு அலை மெதுவாக ஏறி இறங்கினாலும் இதே நேர்வழி ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சற்று நேரம் திறந்திருக்கும். வேகமான அலையில் அந்த நேரம் மிகச் சிறியது என்பதால் மொத்தச் செலவில் அதன் பங்கு குறைவு. தகவல் தாள் சொல்லும் 20 பிகோஃபாரட்டிலேயே அதுவும் அடங்கிவிடுகிறது.

சூத்திரத்தில் மூன்று எழுத்துகள் இருக்கின்றன. எதைக் குறைத்தால் பேட்டரி அதிக நேரம் வரும்?

பலரும் முதலில் கைவைப்பது அதிர்வெண்ணில். 1 மெகாஹெர்ட்ஸை அரை மெகாஹெர்ட்ஸாக்கினால் 1.75 மில்லிவாட் 0.875 ஆகிவிடும், சில்லின் சூடும் தணியும். ஆனால் செய்ய வேண்டிய வேலை மாறவில்லை. ஒரு கணக்கை முடிக்க பத்து லட்சம் சுழற்சிகள் வேண்டுமென்றால், 1 மெகாஹெர்ட்ஸில் ஒரு நொடியில் 1.75 மில்லிஜூல் செலவாகும். அரை மெகாஹெர்ட்ஸில் இரண்டு நொடியாகும், செலவு அதே 1.75 மில்லிஜூல். வேகத்தைக் குறைத்தால் வெப்பம் பரவ நேரம் கிடைக்கிறது, அவ்வளவே. பேட்டரியிலிருந்து எடுத்த மொத்தம் ஒரு துளிகூடக் குறையவில்லை. திறனையும் ஆற்றலையும் ஒன்றாக நினைக்கும் இடத்தில்தான் பெரும்பாலான குழப்பம் பிறக்கிறது.

மின்னழுத்தத்தின் கதை வேறு. அதைக் குறைத்தால் இரண்டு வழியில் லாபம். மின்தேக்கியை நிரப்பத் தேவையான மின்னூட்டமும் குறைகிறது, அந்த மின்னூட்டம் இறங்கும் உயரமும் குறைகிறது. அதனால்தான் சூத்திரத்தில் V இருமுறை பெருக்கப்படுகிறது. 74HC04ஐ 5 வோல்ட்டிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு இறக்கினால், 70 பிகோஃபாரட் சுமைக்கு ஒரு சுழற்சியின் செலவு 1750 பிகோஜூலிலிருந்து 762 ஆகிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு மின்னழுத்தத்தைக் குறைத்ததற்குப் பாதிக்கு மேல் ஆற்றல் மிச்சம். எத்தனை நொடியில் வேலையை முடித்தாலும் இந்த மிச்சம் கையில் நிற்கும்.

கணினித் துறை இதை 1990களின் தொடக்கத்தில் கண்ணெதிரே பார்த்தது. இன்டெல் நிறுவனத்தின் முதல் பென்டியம் 1993இல் வந்தபோது 5 வோல்ட்டில் இயங்கியது. 66 மெகாஹெர்ட்ஸ் மாதிரியின் அதிகபட்சச் செலவு 16 வாட். அதன் சூடு அன்றைக்குப் பெரும் பேச்சாக இருந்தது. மறுவருடமே 3.3 வோல்ட்டில் இயங்கும் 100 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் வந்தது. வேகம் ஒன்றரை மடங்கு; அதிகபட்சச் செலவோ 10.1 வாட். மின்னழுத்தத்தின் வர்க்கம் 0.44 மடங்காகக் குறைந்தது, அதிர்வெண் 1.5 மடங்கு கூடியது. இரண்டையும் பெருக்கினால் 0.66. பதினாறில் அது சுமார் 10.5 வாட். டிரான்சிஸ்டர்களின் அளவு, உற்பத்தி முறை என்று வேறு சிலவும் இடையில் மாறின என்றாலும், ஓர் இன்வெர்ட்டருக்கான சூத்திரம் முப்பது லட்சம் டிரான்சிஸ்டர்கள் கொண்ட செயலியை இவ்வளவு அருகில் வந்து தொடுகிறது.

அப்படியானால் மின்னழுத்தத்தை இன்னும் இன்னும் இறக்கிக்கொண்டே போகலாமே என்றால், அதற்கும் ஒரு விலை இருக்கிறது. டிரான்சிஸ்டர் திறக்க வேண்டுமானால் வாயிலின் மின்னழுத்தம் ஒரு தொடக்க அளவைத் தாண்ட வேண்டும். அந்த அளவுக்கு மேல் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அதைப் பொறுத்தே மின்னோட்டம் பாயும். மின்வழங்கியை இறக்கினால் மிச்சம் சுருங்கும், மின்னோட்டம் மெலியும், மின்தேக்கி நிரம்ப அதிக நேரம் பிடிக்கும். சில்லு மெதுவாகிவிடும். மெதுவானாலும் பரவாயில்லை என்று சொல்ல முடியாத வேலைகள் உண்டு. நொடிக்கு இத்தனை படச்சட்டங்களைக் காட்டியே ஆக வேண்டிய வீடியோ அவற்றில் ஒன்று.

இந்த முட்டுக்கட்டையை உடைத்த வழி 1992இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் படித்த அனந்த சந்திரகாசன், சாமுவேல் ஷெங், ராபர்ட் பிராடர்சன் ஆகியோர் குறைந்த மின்செலவில் சிமாஸ் சுற்றுகளை வடிவமைப்பது குறித்து ஆய்வுக்கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். சந்திரகாசன் பின்னாளில், 2017இல், எம்.ஐ.டி.யின் பொறியியல் பள்ளித் தலைவரானவர். அந்தக் கட்டுரையில் அவர்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு மிக எளிமையானது. இரண்டு எண்களைக் கூட்டி, விடையை மூன்றாவது எண்ணோடு ஒப்பிடும் ஒரு சிறு சுற்று. அது 5 வோல்ட்டில் ஒரு கணக்கை முடிக்க 25 நானோநொடி எடுத்துக்கொள்கிறது. ஆகவே நொடிக்கு 4 கோடி கணக்குகள், அதாவது 40 மெகாஹெர்ட்ஸ். இந்த வேகம் குறையவே கூடாது என்பது நிபந்தனை.

அவர்கள் அதே சுற்றை இரண்டாக வைத்தார்கள். முதல் கணக்கு ஒன்றுக்கு, அடுத்தது மற்றதற்கு, மறுபடி முதலாவதற்கு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் போதும். அதாவது ஒரு கணக்குக்கு 25 நானோநொடிக்குப் பதில் 50 நானோநொடி கிடைக்கிறது. இரண்டு மடங்கு மெதுவாக இயங்கலாம் என்றால் மின்னழுத்தத்தை எவ்வளவு இறக்கலாம் என்று பார்த்தார்கள்: 2.9 வோல்ட். இரண்டு சுற்றுகள், அவற்றுக்கு எண்களைப் பிரித்துக்கொடுத்து விடைகளைச் சேர்த்தெடுக்கும் கம்பிகள் என எல்லாம் சேர்ந்து மின்தேக்கச் சுமை 2.15 மடங்கானது. இப்போது சூத்திரத்தில் போட்டுப் பார்க்கலாம். சுமை 2.15 மடங்கு, மின்னழுத்தம் 0.58 மடங்கு, அதன் வர்க்கம் 0.336, அதிர்வெண் 0.5 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 0.36.

நொடிக்கு அதே 4 கோடி கணக்குகள். மின்செலவு மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. சுற்றின் எண்ணிக்கையைக் கூட்டினால் செலவும் கூடும் என்பதுதான் பொதுவான எண்ணம். இங்கே கூடுதலாக வைத்த சுற்று வேகத்துக்காக வைக்கப்படவில்லை. கிடைத்த வேகத்தை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாக மின்னழுத்தத்தை இறக்கிக்கொள்வதற்காகவே வைக்கப்பட்டது. இதற்கு அவர்கள் கொடுத்த விலை சிலிக்கான் பரப்பு. அது மூன்று மடங்குக்கும் மேலாகக் கூடியது.

சுமையையும் அதிர்வெண்ணையும் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரு பெரிய சில்லில் எல்லா இன்வெர்ட்டர்களும் எல்லாச் சுழற்சியிலும் மாறுவதில்லை. தரவைச் சுமக்கும் கம்பி அடுத்த முறையும் அதே 1ஐச் சுமக்க வேண்டியிருந்தால் அசையாமல் நிற்கும், செலவும் இருக்காது. ஆனால் எல்லோருக்கும் தாளம் கொடுக்கும் கடிகாரக் கம்பி ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறி இறங்கியே ஆக வேண்டும். 1992இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட ஆல்ஃபா 21064 செயலி 3.3 வோல்ட்டில் 200 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அதன் கடிகாரக் கம்பியின் சுமை மட்டும் 3250 பிகோஃபாரட். 74HC04க்குச் செய்த அதே பெருக்கலை இதற்குச் செய்தால் ஏறக்குறைய 7 வாட் வருகிறது. சில்லின் மொத்தச் செலவு சுமார் 30 வாட். அந்தக் கம்பியை ஆட்டிவைக்கும் பெரிய டிரான்சிஸ்டர்களின் சொந்தச் சுமை இந்த 7 வாட்டில் சேரவில்லை.

இன்றைய செயலிகள் வேலையில்லாத பகுதிகளுக்குக் கடிகாரத்தையே போகவிடாமல் நிறுத்தி வைப்பது இதனால்தான். கைப்பேசியில் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டு நாம் விரலை அசைக்காமல் இருக்கும் நேரத்தில் செயலியின் பெரும்பகுதிக்குக் கடிகாரம் போவதில்லை. விரலை நகர்த்தியதும் அதிர்வெண்ணும் மின்னழுத்தமும் சேர்ந்தே ஏறும், வேலை முடிந்ததும் சேர்ந்தே இறங்கும். அதிர்வெண்ணை மட்டும் இறக்கினால் பேட்டரிக்குப் பலனில்லை என்று மேலே கண்டோம். அதிர்வெண்ணை இறக்குவது மின்னழுத்தத்தை இறக்க இடம் தருகிறது. ஆகவே இரண்டும் எப்போதும் ஜோடியாகவே நகர்கின்றன.

1990களில் ஒவ்வொரு தலைமுறைச் சில்லும் மின்னழுத்தத்தை இறக்கிக்கொண்டே வந்தது. அது என்றைக்கும் தொடர முடியவில்லை. மின்வழங்கியை இறக்கும்போது டிரான்சிஸ்டரின் தொடக்க அளவையும் இறக்கினால்தான் வேகம் நிற்கும். ஆனால் தொடக்க அளவு இறங்க இறங்க, மூடிய டிரான்சிஸ்டர் சரியாக மூடுவதில்லை. அறை வெப்பநிலையில் மிகச் சிறந்த சாதாரண டிரான்சிஸ்டரிலும் அதை 60 மில்லிவோல்ட் இறக்கினால் கசிவு பத்து மடங்காகும். இது உற்பத்திக் குறைபாடு இல்லை, வெப்பநிலையிலிருந்தே வரும் எல்லை. சும்மா நிற்பதற்குச் செலவில்லை என்ற வான்லாஸ், சா இருவரின் ஆதாயம் அங்கே கரையத் தொடங்குகிறது. மின்னழுத்தம் ஏறக்குறைய 1 வோல்ட் அருகே வந்து தயங்கி நின்றது. அதன்பின் அதிர்வெண்ணை ஏற்றினால் அந்த ஏற்றம் முழுவதும் வெப்பமாகவே வந்தது. பென்டியம் 4 வரிசை 115 வாட் செலவில் 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. அடுத்து வருவதாக இருந்த 4 கிகாஹெர்ட்ஸ் மாதிரியை 2004இல் இன்டெல் கைவிட்டது. அதற்குப் பிறகு வந்தவை ஒரே சில்லில் இரண்டு, நான்கு, எட்டு செயலகங்கள். அதிவேகமான ஒன்றுக்குப் பதில் நிதானமான பல என்ற அந்த முடிவுக்கு அடியில் இருப்பது பெர்க்லியின் இரட்டைச் சுற்றுக் கணக்கேதான்.

இப்போது வர்க்கத்தில் மிச்சமிருக்கும் லாபம் மிகச் சிறியது. 5 வோல்ட்டிலிருந்து 3.3க்கு வந்தபோது ஒவ்வொரு நிலைமாற்றத்திலும் 56 விழுக்காடு மிச்சமானது. 0.75 வோல்ட்டிலிருந்து 0.70க்கு இறக்கினால் 13 விழுக்காடு. அதற்கே மின்வழங்கியில் வரும் சிறு தள்ளாட்டமும் கணக்கைப் பிழையாக்கிவிடாதபடி காக்க வேண்டியிருக்கிறது. ஆகவே வடிவமைப்பாளர்களின் கவனம் சூத்திரத்தின் மற்ற எழுத்துகளுக்குத் திரும்பியிருக்கிறது. அடிக்கடி பேசிக்கொள்ளும் பகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கம்பியின் நீளத்தைக் குறைக்கிறார்கள். கம்பிகளுக்கு நடுவே மின்தேக்கம் குறைவான காப்புப் பொருளை நிரப்புகிறார்கள். நினைவகத்தைச் செயலிக்குப் பக்கத்திலேயே, சில சில்லுகளில் அதன் மேலேயே அடுக்குகிறார்கள். தேவையில்லாமல் ஏறி இறங்கும் கம்பி எது என்று வடிவமைப்பு மென்பொருளில் தேடி, அதன் கடிகாரத்தை நிறுத்துகிறார்கள்.